நோய் நீங்கிய நண்பருக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து

வாழ்த்துமடல் எழுதுவது எளிதென்றே யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற பங்குனித் திங்களில் என் நண்பர் ஒருவருக்கு ஒரு மடல் எழுத மும்முறை முயன்ற பின்னரே அவ்வெண்ணம் என்னை விட்டகன்றது.

அந்நண்பர் கல்லூரி விடுதியில் என்னுடன் ஒரே அறையில் வாழ்ந்தவர். டைபாய்டு காய்ச்சலுற்று நெடுநாள் படுக்கையில் கிடந்தார். காய்ச்சல் தணிந்து இரண்டு திங்களாகியும் உடல் தேறவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். உணவோ கஞ்சியும் குழைந்த சோறுமே. இந்நிலையில் அவரது பிறந்தநாள் வந்தது.

முதலில் எழுதிய மடலில், அவர் பட்ட துன்பத்தை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, என் நெஞ்சம் உருகிய விதத்தையும் விரிவாக வரைந்தேன். அதனைப் படித்த என் மனைவி, "இது பிறந்தநாள் வாழ்த்தா, துக்கம் விசாரிக்கும் ஓலையா?" என்று வினவினாள். மறுமொழி கூற இயலவில்லை. மீண்டும் நோக்கியபோது, அம்மடலில் நண்பரைக் காட்டிலும் என் உருக்கமே மிகுதியாக நின்றது புலனாயிற்று.

நகைச்சுவையே மருந்தெனத் துணிந்து இரண்டாம் மடலைத் தொடங்கினேன். அவர் மெலிந்ததையும், காய்ச்சலுக்குப்பின் தலைமயிர் உதிர்ந்ததையும் பற்றி வேடிக்கையாக எழுதினேன். "அவர் கண்ணாடி பார்த்துத் தாமே முதலில் சிரிக்கட்டும்; பிறகு நாமும் சிரிக்கலாம்" என்றாள் அவள். அதே மடலில், "இன்னும் பத்து நாளில் பந்தாட வந்துவிடுவாய்" என்றும் எழுதியிருந்தேன். அவ்வரியையும் அடித்தேன். இக்காய்ச்சல் தணிந்து ஓரிரு வாரத்தில் மீண்டும் தலைகாட்டுவது உண்டு. அவ்விடர் கடந்தபின்னும் வலிமை திரும்புவதற்குப் பல வாரங்களாகலாம். நாம் குறித்த நாளில் அவர் எழவில்லையெனில், அதுவும் அவருடைய குற்றம் போலத் தோன்றும்.

ஆங்கில ஆசிரியராகிய சார்லஸ் லாம், நோய் தேறுவோனைப் பற்றி 1825-ல் ஒரு கட்டுரை எழுதினார். படுக்கையில் கிடக்குமட்டும் நோயாளி ஓர் அரசன். வீடு முழுதும் அவன் குறிப்பறிந்து நடக்கும். தேறத் தொடங்கியதும் அவ்வரசு போய்விடுகிறது என்பது அதன் கருத்து. என் நண்பர் இழந்த அரசை நாடவில்லை. தமது பழைய இடத்தையே நாடினார். பரிவுரை அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை. நட்போ எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். இவ்வேற்றுமை விளங்கிய பின்னரே மூன்றாம் மடல் உருவாயிற்று. அது வருமாறு:

"அண்ணா! நீ என்னிலும் மூன்று திங்கள் மூத்தவன் என்பதை ஆண்டுதோறும் நினைவூட்டுவாயே. இவ்வாண்டு நானே முந்திக்கொண்டு வணங்குகிறேன். என் பிறந்தநாள் வருமட்டுமே இவ்வணக்கம் செல்லும். காய்ச்சல் நீங்கியது கேட்டு மகிழ்ந்தேன். அதைப் பற்றிச் சொல்ல விரும்பினால் கேட்பேன், வேண்டாமெனில் விட்டுவிடுவோம். நிற்க. நமது சதுரங்கம் தை மாதத்தில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பலகையை அலமாரியின் மேல் வைத்துக் காத்துவருகிறேன். பூனை ஒரு சிப்பாயை மட்டும் தட்டிவிட்டது, அதை நேர்மையாகவே திரும்ப நிறுத்தினேன். ஆடவேண்டியவன் நீ. நீண்ட பதில் வேண்டா. ஓர் அஞ்சலட்டையில் காய் நகர்த்தலை மட்டும் எழுது. உனக்குரிய முறுக்கு கடனாக என்னிடம் நிற்கிறது. வைத்தியர் விடைகொடுக்கும் நாளில் வட்டியுடன் தருவேன்."

நோயைப் பற்றி இரண்டொரு வரிகள். எஞ்சியவெல்லாம் எங்கள் இருவருக்கும் பொதுவானவை. தின்பண்டம் எதுவும் அனுப்பவில்லை. எதிரில் முறுக்கிருக்கக் கஞ்சி குடிப்பது வாழ்த்தாகாது.

ஒன்பதாம் நாள் அஞ்சலட்டை வந்தது. எழுத்து சற்றே நடுங்கியிருந்தது. "என் குதிரை உன் மந்திரியை உண்டது. பூனை மீது பழி போடாதே. தலைமயிர் போனதால் இம்மாதம் எண்ணெய்ச் செலவு மீதம்; அதை உன் வட்டியில் கழித்துக்கொள்" என்று எழுதியிருந்தார்.

யான் எழுதத் துணிந்து அடித்த வேடிக்கையை அவரே எழுதிவிட்டார். அன்று நானும் என் மனைவியும் மனமாரச் சிரித்தோம். பிறகு பலகையருகே அமர்ந்து, மந்திரியை இழந்த பின் என் அரசனைக் காப்பது எங்ஙனம் என்று நெடுநேரம் சிந்தித்தேன்.