அம்மாவின் தாலாட்டும் வெறுஞ்சுவரும்

தோட்டத்து லயத்தில் அம்மா பாடிய தாலாட்டைக் கைத்தொலைபேசியில் பதிந்துவைக்க எண்ணினோம். அவருக்கு வயது 84. இப்போது இருப்பதோ அடுக்குமாடி வீடு. சாமான் அதிகமில்லாத அறை. பதிவைக் கேட்டால், கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் சொல் புரியவில்லை. கை தட்டிப் பார்த்தேன். 'டிர்ர்' என்று அதிர்ந்தது. எதிரெதிரான வெறுஞ்சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்புவதுதான் காரணம்.

அம்மாவின் முதுகுப்புறம் கொடி கட்டி, தடித்த கம்பளியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டோம். சுவரோடு ஒட்டினால் பயன் குறைவு. எதிரே நாற்காலிகளில் தலையணைகளை நிமிர்த்திவைத்தோம். தரையில் மெத்தை விரித்தோம். தொலைபேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். மறுபடி தட்டினேன், அதிர்வு அடங்கியிருந்தது.

வெளியே போகும் மோட்டார்சைக்கிள் இரைச்சலைக் கம்பளி தடுக்காது. அதனால் விடியற்காலையில் பதிந்தோம். அம்மா மூச்செடுப்பதுகூட அதில் கேட்கிறது.