பாய் விரிக்கமுதல் சுவரில நூர்

‘மின்சாரத்தைச் சேமிப்போம், நாட்டைக் காப்போம்’ என்று எழுதிய பலகையை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர் எந்தச் சுவிச்சைத் தொடுவார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சுலோகத்தை நான் எழுதுவதில்லை. எங்கள் பக்கத்துச் சங்கங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் பலகை எழுதிப் பழகியவன் நான். அழகான வசனம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, “இதை வாசிச்ச ஆள் எந்தக் கையால என்ன செய்யோணும்?” என்பதுதான்.

தேற்றாத்தீவில் கரண்ட் பில்லைப் பற்றி ஊரே பேசத் தொடங்கியது 2022 ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதமும், மறுபடி 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய பிறகு. அதற்குப் பின் குறைந்தது, ஏறியது. விலை இப்படி ஆடுவதால் சுலோகத்தில் ரூபாய்க் கணக்குப் போடக்கூடாது. ஆனால் வீட்டுக் கட்டணத்தில் ஒரு படி இருக்கிறது, அது விலையை விட நிலையானது. மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30க்கும் அடுத்த 30க்கும் குறைந்த விலை. 61ஐத் தொட்டால் மேலதிகமான அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டுக்கும் சேர்த்து விலை மாறும், நிலையான கட்டணமும் துள்ளும். 60க்கும் 62க்கும் இடையில் பில் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மீற்றர் பார்க்கிறவர் 30 நாளுக்குப் பிந்தி வந்தால் எல்லையும் அதற்கேற்பத் தள்ளிப்போகும், ஆகவே அவரைத் திட்டுவதில் பயனில்லை.

அந்தப் படியில் காலை வைத்து நிற்கிற வீடுகளுக்குத்தான் இந்தச் சுலோகம். இரவில் எதை நிறுத்தச் சொல்லலாம்? மின்விசிறி ஏழு மணித்தியாலம் சுற்றினால் அரை யூனிட் போகும். மாதத்துக்கு 15 யூனிட். கணக்கில் அதுதான் பெரியது. ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவில், சித்திரை வெக்கையில், நுளம்போடு படுக்கிறவரிடம் பேனை நிறுத்தச் சொன்னால் மற்றதையும் சேர்த்துக் கேட்கமாட்டார். பிரிட்ஜை நிறுத்தச் சொல்லவே கூடாது. இரவு முழுக்க நிறுத்தினால் உள்ளே சூடேறும், விடிய அதைக் குளிராக்க மோட்டர் நீண்ட நேரம் ஓடும். மிச்சம் சொற்பம், மீன் பழுதாகும். ‘படுக்குமுன் எல்லாவற்றையும் அணைப்போம்’ என்ற வசனம் கேட்க நன்றாயிருக்கும், ஆனால் கீழ்ப்படிகிற ஒருவர் பிரிட்ஜையும் நிறுத்திவிடுவார்.

மிஞ்சுவது டிஷ் பெட்டி. ரீவியின் கதை வேறு: சும்மா நிற்கிற கருவி ஒரு வொட்டுக்கு மேல் தின்னக்கூடாது என்று சர்வதேச எரிசக்தி முகமை 1999இலேயே கேட்டது, இன்றைய ரீவிகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிட்டன. பெட்டி அடங்கவில்லை. ரிமோட்டில் நிறுத்தினாலும் அது உள்ளே விழித்திருந்து நிகழ்ச்சிப் பட்டியலை எடுக்கும். பலவற்றில் கூரையிலுள்ள டிஷ் முனைக்கும் வயர் வழியே மின் போய்க்கொண்டிருக்கும். ஓடும்போது தின்பதற்கும் ‘நின்ற’ பிறகு தின்பதற்கும் பல பெட்டிகளில் பெரிய வித்தியாசமில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். “என்ன மனே, அந்தச் சிவப்பு லைட்டு எரியிறதுக்கும் காசா?” என்றார். விடியற்காலையில் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். யாரும் பார்க்காத பெட்டி, இளஞ்சூடாக இருந்தது. அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நம்பாதவர்களுக்கு மீற்றர் இருக்கிறது: முகப்பில் 1600 imp/kWh என்று இருந்தால் 1600 தரம் மினுங்கினால் ஒரு யூனிட். மற்ற எல்லாவற்றையும், பிரிட்ஜையும் கொஞ்ச நேரத்துக்கு, நிறுத்திவிட்டுப் பெட்டியை மட்டும் விட்டால், பத்து வொட் பெட்டிக்கு ஏறக்குறைய நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் மினுங்கும்.

அந்தப் பெட்டியை வைத்தே கணக்குப் போடலாம். இரவு பத்திலிருந்து விடிய ஐந்து வரை நிறுத்தினால் மாதத்துக்கு இரண்டு யூனிட். இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். ஆனால் இரவில் சுவரில் நிறுத்திய பெட்டியை விடிந்ததும் யாரும் போடுவதில்லை. பின்னேரம் நாடகம் தொடங்கும்போதுதான் கை போகும். அப்படி மாலை ஐந்து வரை கிடந்தால் ஒரு நாளைக்குப் பத்தொன்பது மணித்தியாலம், மாதத்துக்கு ஐந்தரை யூனிட்டுக்கு மேல். 64இல் நின்ற வீடு 59க்குள் வந்துவிடும். 80இல் நிற்கிற வீட்டுக்கு அந்த யூனிட்டுகளின் விலை மட்டும்தான் மிச்சம், அதை மறைக்கக்கூடாது. நாட்டைக் காப்பதாகவும் சொல்லமாட்டேன். இலங்கையில் மின்தேவை உச்சமாக இருப்பது மாலை ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையில். பல வீடுகளில் பாய் விரிக்கிற நேரத்தில் அந்த நெருக்கடி முடிந்தோ முடிகிற நிலையிலோ இருக்கும். இது வீட்டுப் பில்லுக்கான பழக்கம்.

இனி வசனம். ‘சிவப்பு விளக்கும் காசு தின்னும்’ என்பது முதலில் வந்தது. காதில் ஒட்டியது, அதுதான் பிழை: விளக்கைக் குற்றவாளியாக்கினால் ஆட்கள் விளக்கைத்தான் கவனிப்பார்கள். ஒரு பொடியன் அதன்மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டான்! ‘ரிமோட்டை நம்பாதே’ என்பது செய்யக்கூடாததைச் சொல்கிறது, செய்யவேண்டியதைச் சொல்லவில்லை. பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதியது இங்கே உதவியது: ‘இதைச் செய்வேன்’ என்ற எண்ணத்தை விட, ‘இன்னது நடக்கும்போது இன்னதைச் செய்வேன்’ என்று நேரத்தோடு கட்டிய எண்ணம் கூடுதலாக நிறைவேறும். மணியைச் சொல்லிப் பயனில்லை. ஒரு வீட்டில் ஒன்பதுக்குப் படுக்கிறார்கள், இன்னொன்றில் பன்னிரண்டுக்கு. ஆனால் எல்லா வீட்டிலும் படுக்கை விரிக்கிற கணம் உண்டு. ஆகவே: ‘பாய் விரிக்கமுதல் சுவரில நூர்.’

கட்டில் உள்ளவர்கள் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அவரும் விளங்கித்தான் கேட்டார். எழுத்துத் தமிழில் ‘அணைத்துவிடுங்கள்’ என்று போடச் சொன்ன ஆசிரியரிடம், வீட்டில் அம்மா மகனுக்குச் சொல்கிற பாணியிலேயே இருக்கட்டும் என்றேன். எதை நூர்ப்பது என்று வசனத்தில் இல்லை. அதை ஒட்டுகிற இடம் சொல்லும். இது பலகைக்கு எழுதியதல்ல, ரீவியின் பிளக் பொயின்ற் தகட்டுக்கு எழுதியது. பல வீடுகளில் அந்த பொயின்ற் அலுமாரிக்குப் பின்னால், கை போகாத இடத்தில் இருக்கிறது. அங்கே ஒட்டுவது வீண். சுவிச் உள்ள எக்ஸ்ரென்ஷன் ஒன்றை முன்னுக்கு எடுத்து அதில் ஒட்டவேண்டும். றவுட்டரையும் அதே எக்ஸ்ரென்ஷனில் போடலாம், ஆனால் வீட்டுத் தொலைபேசி றவுட்டர் வழியே வருகிற வீட்டில், தனியே இருக்கிற முதியவர்கள் உள்ள வீட்டில், அதை வேறு பொயின்றில் விடவேண்டும். இல்லாவிட்டால் இரவில் தொலைபேசி வேலை செய்யாமல் போகும்.

ஒட்டிய தாள் சில கிழமைகளில் கண்ணுக்குப் பழகி மறைந்துவிடும். நிறத்தை மாற்றி, இடத்தைச் சற்று நகர்த்தி ஒட்டினால் திரும்பக் கண்ணில் படும். அல்லது பிள்ளை ஒருவரிடம் அந்த வேலையைக் கொடுத்தால் தாளே தேவைப்படாது. பெரியவர்கள் மறந்தால் சண்டைக்கு வருவார்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தாள் கொடுக்கிறேன். இரண்டாவது பிரிட்ஜின் சுவிச்சுக்கு, ‘இதத் தொடாத’ என்று.