வரவுப் பதிவேட்டில் எல்லாரும் இருந்தார்கள்

சனநாயகம் பற்றிய பாடத்துக்கு எங்களுக்குத் தந்த ஒப்படை சின்னதுதான். ஒரு கிராமத்தில் பிரதேச சபைக் கூட்டம் ஒன்றைப் பார்த்து, மக்கள் எந்தளவு பங்கெடுக்கினம் என்று எழுத வேண்டும். நாங்கள் நாலு பேர். எங்களில் ஒருத்தியின்ர ஊரிலேயே அடுத்த வருசப் பாதீட்டுக்கு முன்மொழிவு எடுக்கிற வட்டாரக் கூட்டம் நடந்தது. அங்கேயே போனோம்.

சனசமூக நிலைய மண்டபத்தில் கூட்டம். வரவுப் பதிவேட்டில் 41 கையெழுத்து, அதில 27 பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு! ஒப்படையின் முடிவுரையை அந்த இடத்திலேயே மனசுக்குள் எழுதிவிட்டோம்.

பிறகுதான் யார் யார் கதைக்கினம் என்று கொப்பியில் கோடு போடத் தொடங்கினோம். ஒன்றரை மணித்தியாலத்தில் ஒன்பது பேர் கதைத்தார்கள். ஏழு பேர் ஆண்கள்: கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், கோயில் நிர்வாகத்தில் இரண்டு பேர், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் என்று முன்வரிசைக் கதிரைகளில் இருந்தவர்கள். கதைத்த இரண்டு பெண்களில் ஒருவர் கேட்டது, "எங்க கையெழுத்து வைக்கிறது?"

மற்றவர் ஊரின் பள்ளப் பக்கத்துக் குடியிருப்பில் இருந்து வந்தவர். கோயிலடி உள்ளக வீதியைக் கொங்கிறீற் போடுவதுதான் முதல் முன்மொழிவு. "வீதியை உயர்த்தினா மாரிக்குத் தண்ணி முழுக்க எங்கட வளவுக்குள்ளதான் வரும். முதல்ல வாய்க்காலையும் மதகையும் பாருங்கோ" என்றார். "அதைப் பிறகு பாப்பம் பிள்ளை" என்று பதில் வந்தது. அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள். வீதிப் பட்டியல் முதல் நாள் பின்னேரமே எழுதி முடிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது.

எங்கட சிநேகிதியின்ர அம்மாவும் பின்வரிசையில் இருந்தவர். ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அவவின்ர வீடும் அதே பள்ளத்தில்தான். ஏன் பேசாமல் இருந்தனீங்கள் என்று கேட்டோம்.

"வரச் சொன்னவை, வந்தனாங்கள். வராட்டி அஸ்வெசும வெட்டிப்போடுவினமோ எண்ட பயம். எழும்பிக் கதைச்சா நாளைக்கு ஒரு கடிதத்துக்கும் அவையிட்டத்தானே போகோணும், பிள்ளையள்."

வெட்டுவதற்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் கதிரைகளை நிரப்பினது அந்தப் பயம்தான்.

பெண் உறுப்பினர் இல்லையோ என்று கேட்பீர்கள். இருக்கிறார். உள்ளூராட்சியில் பெண்களுக்கு 25 வீதம் என்ற சட்டம் 2018 தேர்தலில் முதல்முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெண் உறுப்பினர்கள் 2 வீதம்கூட இல்லை. ஆனால் கட்டமைப்பைப் பாருங்கள். 60 வீத உறுப்பினர்கள் வட்டாரத்தில் வெல்கிறார்கள், 40 வீதம் பட்டியலில் வருகிறார்கள். வட்டார வேட்பாளர்களில் 10 வீதம் பெண்கள் இருந்தால் போதும், பட்டியலில்தான் பாதி. அதனால் பெண்களில் பெரும்பாலானோர் பட்டியலால் வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வட்டாரம் இல்லை. வீதி, விளக்கு, மதகு எதுவென்றாலும் சனம் போவது வட்டார உறுப்பினரிடம். அன்றைக்கும் அந்தப் பெண் உறுப்பினர் வரவேற்புரை சொன்னார், அவ்வளவுதான்.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் எழுதின எட்டுப் படி ஏணியை வகுப்பில் படித்திருந்தோம். கருத்துக் கேட்பது அதில் நாலாவது படி. கேட்டதால் முடிவு மாறும் என்ற உறுதி இல்லாவிட்டால் அது வெறும் அடையாளப் பங்கேற்புத்தான் என்பது அவரின் வாதம். பரீட்சைக்குப் பாடமாக்கின வரி அது. அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

கூட்டறிக்கையைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். 2016ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தந்தார்கள். "வட்டார மக்களின் ஏகோபித்த விருப்பத்துடன் வீதி தெரிவுசெய்யப்பட்டது" என்று இருந்தது. வாய்க்கால் என்ற சொல்லே இல்லை. இதுதான் எங்களுக்குப் பெரிய பாடம். சொன்னது குறிப்பில் ஏறாவிட்டால், சபைக்குப் போகும்போது அது சொல்லப்படாததாகிவிடும்.

ஒப்படையில் 27 என்ற எண்ணை முடிவுரையில் இருந்து எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக மூன்று கேள்விகள் எழுதினோம். பட்டியலை யார் எழுதினது? யார் கதைத்தது? கதைத்ததால் பட்டியலில் எது மாறினது?

சிநேகிதி இன்னொன்றும் செய்தாள். பள்ளத்து வீடுகளில் போன மாரிக்குத் தண்ணி நின்ற உயரத்தைச் சுவரில் அளந்து, ஒவ்வொரு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி, சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். முதல் கையெழுத்து அம்மாவினது. வைக்க முதல் அவ கேட்டது, "இதால ஒண்டும் வராதுதானே?"

நாங்கள் ஒருத்தரும் உடனே பதில் சொல்லவில்லை.