குழு கூடியது, குழுவினர் கூடினர்

முந்தல் பஸ் தரிப்பிடம். மோட்டார் சைக்கிள்காரருக்கு யாரோ குரல் கொடுக்கிறார்.

"பொலிஸ் நிக்குது, ஹெல்மெட்டப் போடு."

நிற்பது ஒருவரா, நால்வரா? வினை சொல்லவில்லை. கேட்டவரும் கேட்கவில்லை.

அதே ஆட்கள் பத்திரிகையில் 'பொலிஸார்'. கைது செய்துள்ளனர், விசாரிக்கின்றனர். வீதியில் அது, அச்சில் அவர்கள்.

தொல்காப்பியம், கிளவியாக்கம். 18 வகைச் சொற்களின் பட்டியல் ஒன்று. குடிமை, விருந்து, குழவி. அதற்குள் குழு. அரசும் உண்டு. குறிப்பது மனிதரை, முடிவது அஃறிணையில்.

அரசு அறிவித்தது. விருந்து வந்தது. குழு கூடியது.

இவை போன்ற பிறவும் அடங்கும் என்று நூற்பா கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பொலிஸ் அந்த வழியால் உள்ளே போயிருக்கலாம்.

'குழு கூடினர்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். காதில் இடறுகிறது. ஆட்கள் வேண்டுமென்றால் ஒட்டுப் போட வேண்டும்: குழுவினர் கூடினர், அணியினர் வென்றனர். ஒட்டைப் போட்டுவிட்டு 'அணியினர் வென்றது' என்பதும் அதே இடறல்தான், மறுபக்கமாக.

கோயில் நிர்வாகக் குழு கூடியது. கணக்கைப் பார்த்தது. தலைவரை மாற்றியது. இதுவரை சரி.

பிறகு சண்டை. 'குழு ஒருவரையொருவர் ஏசியது.' இங்கே உடைகிறது. ஏச ஆட்கள் வேண்டும். 'குழுவினர் ஒருவரையொருவர் ஏசினர்' என்று மாற்றாமல் தப்ப முடியாது.

'குழு தேநீர் குடித்தது.' இலக்கணம் சரி. ஒரே கோப்பையோ என்று தோன்றுகிறது.

பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'கமிட்டி இஸ்', 'கமிட்டி ஆர்' இரண்டும் ஓடும். ஒன்றாய் முடிவெடுத்தால் ஒருமை, ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பன்மை. அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமையோடு நின்றுவிடுவார்கள். பொலிஸ் மட்டும் இரு கரையிலும் பன்மை: 'த பொலிஸ் ஆர்'.

நம் பிள்ளைகள் 'த பொலிஸ் இஸ்' என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும். வீட்டில் கேட்டது 'பொலிஸ் நிக்குது'.

1996 மார்ச் 17, லாகூர். இலங்கை அணி ஆஸ்திரேலியாவை 7 விக்கெட்டால் வென்றது. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107 அடித்தார். அணிக்கு -து, அரவிந்தவுக்கு -ஆர். வானொலிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மூன்றாவது ஒன்று: வென்றுவிட்டோம்.

உடப்புக் கரை. கரைவலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு கூட்டம் இழுக்கிறது. "அந்தப் பக்கம் பிந்துது" என்று கத்துகிறார்கள். பக்கமா பிந்துகிறது?

திருவிழாவுக்குச் 'சனம் வந்திருக்கு'. 'மக்கள் வந்திருக்கு' என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மக்கள் என்றால் வந்திருக்கிறார்கள்தான்.

-ஆர் ஒரு காலத்தில் பலருக்கான விகுதி. இப்போது ஒரு கான்ஸ்டபிள் தனியே வந்தாலும் 'வந்தார்'. ஜீப் நிறைய வந்தால் 'பொலிஸ் வந்துது'.