உடை மாறலாம், முகம் மாறலாகாது

பெடாஸ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த பால்மரத் தொழிலாளர் பலர், நிழற்பட நிலையத்தில் அமர்ந்து தமக்கெனத் தனிப்படம் எடுத்துக்கொள்ளாமலே சென்றவர்கள். 1948-இல் அவசரகாலத்தின்போது மலாயாவில் கொண்டுவரப்பட்ட அடையாள அட்டைக்கென எடுத்த சிறுபடமோ, லயத்து வாசலில் உறவினர் எடுத்த படமோதான் சில குடும்பங்களில் எஞ்சியிருக்கும். பெரியவர் மறைந்தபின் மாலையிட்டு வைக்கப் பெரும்படம் வேண்டியிருக்கிறது. கைவசமுள்ள படத்திலோ அவர் பனியனும் தோளில் துண்டுமாக நிற்கிறார். “முகம் அப்படியே இருக்கட்டும், கோட்டு மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்று பிள்ளைகள் நிழற்படக்காரரைக் கேட்கின்றனர். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் முகத்தைக் காப்பதே அரிது.

இவ்வழக்கம் புதியதன்று. 1865-இல் ஆபிரகாம் லிங்கன் மறைந்தபின், கால்ஹூன் என்னும் வேறோர் அரசியல்வாதியின் பழைய அச்சுப்படத்தில் லிங்கனின் தலையைப் பொருத்தி வெளியிட்டனர். உடலின் போக்கிற்கு இசையுமாறு தலையை இடவலமாகத் திருப்பியதால், வலக்கன்னத்து மச்சம் இடக்கன்னத்திற்குச் சென்றுவிட்டது. அம்மச்சமே பின்னாளில் ஒட்டுவேலையைக் காட்டிக்கொடுத்தது. உடைக்காக முகத்தைத் திருப்பலாகாது; முகத்திற்கேற்ற உடையையே தேடவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எடுத்துக்காட்டாக, அத்தகைய வாசற்படம் ஒன்றைக் கருதுவோம். வெயில் இடப்புறத்திலிருந்து விழுகிறது. பெரியவரின் தலை சற்றே சாய்ந்துள்ளது, கண்கள் இடுங்கியுள்ளன, உதட்டின் ஒருபுறத்தில் மட்டும் முறுவல். படத்தில் முகத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டர்தான். அங்குலத்திற்கு 1200 புள்ளி வீதம் வருடியெடுத்தால் அம்முகத்திற்கு ஏறத்தாழ 470 புள்ளி உயரம் கிட்டும். அதற்குமேல் பெருக்கினால் மங்கலே பெருகும்.

அடுத்து, கோட்டணிந்த வேறொருவரின் படம் வேண்டும். அதிலும் ஒளி இடப்புறத்திலிருந்தே விழவேண்டும். தோள்களும் அதே கோணத்தில் திரும்பியிருக்கவேண்டும். அக்கோட்டைத் தனி அடுக்காக மூலப்படத்தின்மேல் வைத்து, கழுத்தின் அடிப்பகுதியில் இணைப்பு அமையுமாறு செய்வர். தாடைக்குக் கீழுள்ள நிழல் முகத்தோடே இருத்தல் வேண்டும். அதை வெட்டினால் தாடையின் வடிவே மாறி, தலை தனியே மிதப்பதுபோல் தோன்றும். சட்டைக் காலர் இணைப்பை மறைக்கும். காலரின் நிழலை மட்டும் கழுத்தில் மெல்லத் தீட்டிவிடவேண்டும். புதிய கோட்டு கூர்மையாகவும் பழைய முகம் மங்கலாகவும் இருப்பின், கோட்டையே மங்கலாக்கவேண்டும். முகத்தை மெருகேற்ற முனைந்தால் வெயிலில் உழைத்த சுருக்கங்கள் அழிந்துபோகும்.

இந்நாளில் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடியில் உடை மாற்றித் தருகின்றன. ஆயினும் அவற்றுட் பல, உடையை மட்டும் மாற்றாமல் படம் முழுவதையும் புதிதாக வரைந்துவிடுகின்றன. அதனால் ஒருபுற முறுவல் இருபுறமும் ஒத்ததாகிறது. இடுங்கிய கண் விரிகிறது. வந்திருப்பவர் அவருடைய தம்பியைப் போன்ற ஒருவர். இதனைத் தவிர்க்க, கழுத்திற்குக் கீழுள்ள பகுதியை மட்டும் தெரிவுசெய்து மாற்றவேண்டும். பின்னர் மூலமுகத்தை அதே இடத்தில் மேலடுக்காக வைக்கவேண்டும். செயலி தலையின் சாய்வையே மாற்றியிருந்தால் மூலமுகம் பொருந்தாது; அப்படத்தை விலக்குவதே முறை.

மாறியதா என்பதைக் கண்ணால் மட்டும் முடிவுசெய்ய வேண்டியதில்லை. முடிந்த படத்தின்மேல் மூலப்படத்தை அதே அளவில் வைத்து, அடுக்கின் கலப்புமுறையை Difference என மாற்றினால், மாறாத இடம் முழுக் கருமையாகும். கோட்டு வெளுத்துத் தெரியலாம். முகத்தில் வெளுப்புத் தென்பட்டால் அங்கே ஏதோ மாறியுள்ளது.

இத்தேர்வில் தேறிய படமும் ஒரு நுட்பத்தில் தவறக்கூடும். வாசலில் நின்றபோது கண் இடுங்கியதற்கு வெயில் காரணமாயிருந்தது. வாசலை நீக்கி, கருந்திரை முன் கோட்டுடன் நிறுத்தினால் அதே கண் சினமாகத் தோன்றும். ஒரு புள்ளியும் மாறவில்லை, முகக்குறிப்போ மாறிவிட்டது. ஆதலின் பின்னணியில் வெளிச்சத்தைச் சிறிதேனும் விட்டுவைப்பதும், கோட்டிற்கு மாற்றாக வெள்ளைச் சட்டையை அணிவிப்பதும் நன்று.

ஆகவே, அச்சிடுமுன் அப்படத்தை அவரோடு நெடுநாள் வாழ்ந்த ஒருவரிடம் காட்டவேண்டும். உடை மாறிய செய்தியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். “இது யார்?” என அவர் தயங்கினால் வேலை முடியவில்லை என்று பொருள். அவரைக் காணாத பேரப்பிள்ளைகளுக்கு இப்படமே தாத்தாவாகப் போகிறது. அவர்களால் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது. கண்டறிய வல்லவர் உயிரோடிருக்கும்போதே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.