போபோடியிலிருந்து நீட் தேர்வுக்கு: சில குறிப்புகள்

அக்கா மகளுக்கு இதுதான் முதல் நீட். 2025 மே 4, ஞாயிறு, பிற்பகல் 2 மணி முதல் 5 வரை. எந்த ஊரில் தேர்வு என்பது முன்பே தெரிந்துவிட்டது. எந்தப் பள்ளி என்பது ஹால் டிக்கெட் வந்த பிறகுதான் தெரியும், அது தேர்வுக்குச் சில நாள் முன்புதான் வருகிறது. எங்களுக்கு விழுந்தது பூனாவின் கோத்ரூடில், வனாஸ் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கம்.

முதலில் பள்ளியின் பெயரை நம்பக் கூடாது. ஒரே பெயரில் இரண்டு, மூன்று கிளைகள் உண்டு. தெருப் பெயரையும் பின்கோடையும் வைத்துத் தேட வேண்டும்.

*

ஹால் டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று அவள் வந்து சேர வேண்டிய நேரம்: 11.30. இன்னொன்று கேட் மூடும் நேரம்: 1.30. அதற்குப் பிறகு யாரையும் விடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் கையில் இருக்கிறதே என்று பலர் இரண்டாவதைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். சோதனை வரிசை மே வெயிலில் நிற்பது, கடைசியில் வருகிறவர்களுக்குத்தான் நீளம். 11.30ஐத்தான் நான் கணக்கில் எடுத்தேன்.

*

சனிக்கிழமை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பிள்ளை வீட்டில் ஓய்வெடுக்கட்டும்.

வீட்டை விட்டது 9.50. போபோடி நிலைய மேடை 10.02. ரயிலுக்குப் பத்து நிமிடம் காத்திருப்பு. சிவில் கோர்ட் 10.24. அங்கேதான் பலருடைய கணக்கு பிசகும். நம் ரயில் பூமிக்கு அடியில் சுமார் 33 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, வனாஸ் போகும் ரயிலோ தலைக்கு மேலே பாலத்தில். படிக்கட்டு மாறி மாறி ஏறி அந்த மேடைக்குப் போக ஒன்பது நிமிடம் ஆயிற்று. ஏழு நிமிடம் காத்திருந்து ஏறினேன். வனாஸ் 10.57, நடந்து பள்ளி கேட் 11.12. மொத்தம் 82 நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலின் இடைவெளி கூடுதலாக இருக்கலாம் என்று நினைத்து, கிளம்பும் நேரத்தை 9.30 என்று வைத்தேன். இன்னொரு முடிவையும் அப்போதே எடுத்தேன்: 11 மணிக்குள் சிவில் கோர்ட்டில் அடுத்த ரயில் ஏறவில்லை என்றால் வெளியே வந்து ஆட்டோ. இதை மேடையில் நின்று யோசிக்கக் கூடாது. பெரியவர்கள் பதறினால் பிள்ளைக்கும் பதற்றம் தொற்றும்.

*

உடை. அரைக்கை, மெல்லிய பருத்தி. பெரிய பொத்தான், முழுக்கை, ஷூ கூடாது. அவள் விரும்பிய ஜீன்ஸை எடுத்து வைத்துவிட்டேன், அதன் ஜிப்பும் ரிவெட்டும் மெட்டல் டிடெக்டரில் சத்தம் போடும். எலாஸ்டிக் இடுப்புள்ள பருத்திப் பேண்ட், நாலைந்து முறை துவைத்துப் பழகின குர்தி. புது உடை கழுத்தில் உரசும், மூன்று மணி நேரம் அதுதான் நினைவில் இருக்கும். கால்களுக்குப் பழைய, தட்டையான செருப்பு. தலைக்கு ரப்பர் பேண்ட், ஊசி வேண்டாம்.

உள்ளாடையையும் பார்க்க வேண்டும். 2022இல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் ஒரு மையத்தில், உலோகக் கொக்கி இருந்ததற்காக மாணவிகளை உள்ளாடையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றச் சொன்னது கொடுமை, வழக்கும் பதிவாயிற்று. ஆனாலும் நம் பிள்ளை அந்தக் கேட்டில் நின்று நியாயம் பேசும் நிலைமை வர வேண்டாம். கொக்கியில்லாத ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கி, ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

*

மூக்குத்தி. இது நம் வீடுகளுக்கே உரிய சங்கடம். ஆபரணம் எதையும் போட்டுப் போகக் கூடாது. வருடக்கணக்காகக் கழற்றாத திருகாணி, காலை எட்டு மணிக்கு அவசரத்தில் திருகினால் வராது, மூக்கு சிவந்து வீங்கும். வியாழக்கிழமையே நகைக்கடையில் கழற்றி, துவாரத்தில் சின்ன வேப்பங்குச்சி செருகினோம். கேட்டுக்கு முன்னால் குச்சியையும் எடுத்துவிடலாம்.

*

“சித்தி, வாட்ச் இல்லாம எப்படி டைம் பாப்பேன்?” என்றாள். ஹாலில் சுவர்க் கடிகாரம் இருக்கும், உட்கார்ந்ததும் அது எங்கே என்று பார்த்துக்கொள் என்றேன். பேனாவை அவர்களே தருவார்கள். கையில் ஹால் டிக்கெட், அசல் அடையாள அட்டை, போட்டோக்கள், நிறமில்லாத தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான்.

போன் என்னிடம். அதனால் ஐந்து மணிக்குக் கூட்டத்தில் ஒருவரையொருவர் கூப்பிட முடியாது. சனிக்கிழமையே ஒரு இடம் குறித்துவைத்தேன்: கேட்டுக்கு எதிரே, மூன்றாவது கடையின் படி. மே மாத மாலையில் பூனாவில் மராட்டியர் ‘வளீவ்’ என்கிற திடீர் மழை வரும், அந்தப் படிக்கு மேலே கூரை இருந்தது. குடையையும் நானே வைத்திருந்தேன்.