விட்டுப்போன பெயர்

அழைப்பிதழில் நன்றியுரைக்குக் கீழே நாட்டுப்பண் மட்டும்தான் இருக்கும். அதற்கு எழுந்து நிற்கணும் என்பதால் யாரும் கிளம்ப முடியாது. ஆனால் கை ஏற்கெனவே வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்திருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்துப்போட்ட முந்திரித் தோப்புகளில் மறுபடி நடுவது பற்றி, கந்தர்வக்கோட்டையில் ஒரு கருத்தரங்கு. "ஐடில இருக்க, நல்லா பேசுவ" என்று சித்தப்பா என்னை நன்றியுரைக்குப் போட்டுவிட்டார். பதினோரு நிமிடம் பேசினேன். பேச்சாளர்கள் சொன்னதையே சுருக்கித் திரும்பவும் சொன்னேன். அவ்வளவு பேசியும், மதியச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுத்த ரைஸ்மில்காரரை விட்டுவிட்டேன். அவர் கடைசி வரிசையில்தான் இருந்தார். நாட்டுப்பண் முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

"காசு குடுத்ததை மறந்துருவாங்கடா. பேரு விட்டுப்போனதை மறக்க மாட்டாங்க" என்றார் சித்தப்பா.

அடுத்த வருடமும் நான்தான். இந்தத் தடவை காலையிலேயே ஒரு தாளை மூன்றாக மடித்தேன்: பேசியவர்கள், நடத்தியவர்கள், கொடுத்தவர்கள். மூன்றாவது பகுதியை நினைவிலிருந்து எழுதவில்லை. பொருளாளரின் வரவுநோட்டைப் பார்த்து எழுதி, இனிஷியலை அவரவரிடமே கேட்டுச் சரிபார்த்தேன். தொகை எதையும் குறிக்கவில்லை. யார் என்ன கொடுத்தார் என்பது போதும். தொகையைச் சொன்னால் குறைவாகக் கொடுத்தவர் கூசிப்போவார்.

முதல் பகுதியில் பெயர்களுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தேன். உரையைக் கேட்கக் கேட்க, ஆளுக்கு ஒரே ஒரு வரி. அதை முன்கூட்டியே எழுத முடியாது. 'அருமையான உரை' என்பது யாருக்கும் பொருந்தும். 'ஒட்டுக்கன்றை நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கணும், கட்டின பிளாஸ்டிக் நாடாவை அவிழ்க்க மறக்கக் கூடாது என்று சொன்ன ஐயாவுக்கு நன்றி' என்பது அவர் ஒருவருக்குத்தான் பொருந்தும். கேட்டிருக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

நடத்தியவர்களில் எல்லாப் பெயரையும் சொல்ல முடியாது. அதனால் வேலையைச் சொன்னேன்: நாற்காலி போட்ட பையன்கள், மைக்செட் அண்ணன், சமையல்கட்டில் இருந்த அக்காக்கள். வேலையைச் சொன்னால் யாரும் விட்டுப்போவதில்லை.

கடைசியாக, கொடுத்தவர்கள். "மதியச் சாப்பாட்டுக்கு அரிசி கொடுத்தவர், போன வருடமும் கொடுத்தவர்" என்று சொல்லி ரைஸ்மில்காரர் பெயரை வாசித்தேன். மன்னிப்பு கேட்கவில்லை. அதைச் சங்கடமாக்காமல் சரிசெய்ய அந்த 'போன வருடமும்' போதும் என்று தோன்றியது. உட்காரும் முன் பொருளாளரைப் பார்த்தேன். ஒன்றும் விடவில்லை என்று தலையசைத்தார். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நாட்டுப்பண் முடிந்தது. ரைஸ்மில்காரர் நேராக என்னிடம் வந்தார். அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி, அந்த நாடாவை எப்ப அவுக்கணும்னு சொன்னாரு?"

அதை நான் குறித்துவைக்கவில்லை. பேச்சாளர் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.